பத்து மணி, உணவுக்கூடம்

இருபத்தாறு வருடமாக ஸ்டோர்நேஸ் காகித ஆலைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் கடிதம் என் கையிலிருந்துதான் போகிறது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வாயில், யாரைக் கேட்க வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். பணியாளர் பிரிவில் என் பதவிக்கு மூன்று முறை பெயர் மாற்றிவிட்டார்கள். வேலை என்னவோ அதேதான். முன்பு தபால், இப்போது மின்னஞ்சல்.

அந்தக் கடிதத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன். புது இடத்தில் முதல் நாள் நுழைகிறவனுக்கு எதற்கெல்லாம் பயம் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் வடக்கு வாயிலுக்குப் போகாதே, அது மர லாரிகளுக்கு மட்டும் என்று எழுதுவேன். பேருந்தில் வந்தால் எந்த நிறுத்தத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எழுதுவேன். முதல் நாள் மதியச் சாப்பாடு ஆலையின் செலவு, டப்பா கட்டிவராதே என்றுகூட எழுதுவேன். அதைப் படித்ததால் முந்தின இரவு தூங்க முடிந்தது என்று பிறகு வந்து சொன்னவர்கள் உண்டு. அப்படிச் சொன்னவர்களின் பெயரையெல்லாம் நான் ஞாபகம் வைத்திருக்கிறேன், அவ்வளவு அற்பமான ஆள் நான்.

ஸ்டாஃபன் மார்க்லுண்டுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

இருபத்தெட்டாம் வாரம், திங்கட்கிழமை. ஜூலை மாதம்; இங்கே நாங்கள் நாட்களை வருடத்தின் வார எண்ணை வைத்துத்தான் சொல்வோம். பாதி அலுவலகம் ஏற்கெனவே விடுமுறையில் போய்விட்டது. எனக்கும் அந்த வெள்ளியோடு நான்கு வாரம் விடுப்பு தொடங்க இருந்தது. காலையில் என் மேலாளர் பெர்னில்லா என்னை அழைத்து, நான் உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள். எங்கள் அலுவலகத்தில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் யாரோ செத்திருக்க வேண்டும்.

"இல்வா, முதல்ல இதுல கையெழுத்துப் போடு."

"என்ன இது?"

"கையெழுத்துப் போட்டாத்தான் என்னன்னு சொல்ல முடியும்."

விஷயம் தெரிந்தவர்களின் பெயர்ப் பட்டியல் அது. எங்கள் தாய்க் கம்பெனி பங்குச் சந்தையில் இருக்கிறது. அறிவிப்புக்கு முன்னால் ஒரு வார்த்தை வெளியே கசிந்தால் வேலை மட்டும் போகாது, வழக்கும் வரும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. போட்டேன்.

"ரெண்டாம் எந்திரத்தை நிறுத்தப் போறாங்க," என்றாள். "நூத்தி நாப்பது பேர். விடுமுறை முடிஞ்சு எல்லாரும் திரும்புற அன்னைக்கே அறிவிப்பு. ஆகஸ்ட்ல, முப்பத்துமூணாம் வாரம், திங்கட்கிழமை, பத்து மணி, உணவுக்கூடத்துல. அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாது. வீட்டுக்காரர்கிட்டகூட."

"எனக்கு வீட்டுக்காரர் இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"அப்போ பூனைகிட்ட."

வேடிக்கையாகப் பேசப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. முந்நூற்றுப் பத்துப் பேர் வேலை செய்கிற ஆலை. இந்த ஊரில் அதை விட்டால் ஒரு பள்ளிக்கூடம், ஒரு முதியோர் இல்லம், இரண்டு கடை. அவ்வளவுதான்.

எனக்குக் கொடுத்த வேலை, இரண்டாம் எந்திரத்து ஆட்களை வேலைக்குச் சேர்ந்த தேதி வாரியாக வரிசைப்படுத்துவது. இந்த நாட்டில் ஆள் குறைக்கிற முறை எல்லாருக்கும் தெரியும்: கடைசியில் வந்தவன் முதலில் போக வேண்டும். அதனால்தான் தேதி அவ்வளவு முக்கியம். அன்று முழுக்கத் தேதிகளை இழுத்து இழுத்துக் கீழே கொண்டுபோனேன். ஒவ்வொரு தேதியும் நான் எழுதிய ஒரு கடிதத்தில் இருந்தது. மாலை நான்கு மணிக்குக் கடைசி வரிக்கு வந்தேன். ஸ்டாஃபன் மார்க்லுண்ட், மின் பராமரிப்பு, இரண்டாம் எந்திரம். சேரும் நாள்: முப்பத்துமூன்றாம் வாரம், திங்கட்கிழமை.

இன்னும் வந்தே சேராத மனிதன், வெளியே போகிற வரிசையில் முதல் ஆளாக நின்றான்.

பட்டியலைத் தூக்கிக்கொண்டு பெர்னில்லாவிடம் போனேன்.

"இவனை என்ன பண்றது? மே மாசம் ஒப்பந்தம் போட்டோம். ஆறு மாசம் சோதனைக் காலம். அறிவிக்கிற அன்னைக்கே காலைல வந்து சேர்றான்."

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "தெரியும்."

"நிறுத்திடலாமே. இப்பவே."

"என்ன காரணம் சொல்லி? ஏன்னு கேப்பான். சங்கம் கேக்கும். ஊர் கேக்கும். அப்புறம் பட்டியல்ல கையெழுத்துப் போட்டவங்க ஒவ்வொருத்தரா விசாரணைக்குப் போகணும். ஒப்பந்தத்துல என்ன இருக்கோ அது நடக்கட்டும். வரட்டும். ரெண்டு வாரம் முன்னறிவிப்பு கொடுத்து அனுப்புவோம்."

"பாவம் இல்லையா?"

"நூத்தி நாப்பது பேரும் பாவம்தான், இல்வா. நீ வழக்கமா அனுப்புற வரவேற்புக் கடிதத்தை அனுப்பிடு. வழக்கம் போலவே இருக்கணும்."

அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அன்று அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, நான் கடிதத்தைத் தொடங்குவதற்குள் ஸ்டாஃபனே தொலைபேசியில் கூப்பிட்டான். இங்கே ஆலை முதலாளியும் 'நீ'தான், முதல்முறை பேசுகிறவனும் 'நீ'தான். அவன் குரல் நேர்முகத்துக்கு வந்தபோது கேட்டதைவிட இளமையாக இருந்தது. வடக்கே, கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒரு நகராட்சித் தண்ணீர் நிலையத்தில் பதினேழு வருடம் வேலை பார்த்தவன். இங்கே வர வேண்டும் என்று ஆசைப்பட்டது அவன் மனைவி ஓசா. அவளுக்குக் கடல் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

"பாதுகாப்புக் காலணிக்கு அளவு கேட்டிருந்தீங்களாம், நான் பார்க்கவே இல்லை. நாப்பத்துநாலு. இல்ல, நாப்பத்தஞ்சே எழுதிக்கோ. குளிர்காலத்துல ரெண்டு காலுறை போடுவேன்."

"எழுதிக்கிட்டேன்."

"என் பழைய முதலாளி இன்னும் நம்பல, தெரியுமா?" என்று சிரித்தான். "நான் விட்டுட்டுப் போற இடத்துக்கு ஒரு ஆளைப் பார்த்து வெச்சிருக்கார். வெள்ளிக்கிழமை அவன்கிட்ட கையெழுத்து வாங்கறாராம். 'வெள்ளிக்கிழமை வரைக்கும் மனசு மாறினா ஒரு போன் போடு, ராஜினாமாவைக் கிழிச்சுப் போட்டுடறேன்'னு சொன்னார். நான் சொன்னேன், நீ ரொம்ப நல்லவன், ஆனா பேனாவைத் திறந்தே வெச்சுக்கோன்னு."

வெள்ளிக்கிழமை. இன்னும் மூன்று நாள். இந்த மனிதனுக்கு முழுசாக ஒரு வேலை இன்னும் இருக்கிறது. ஒரே ஒரு போன் செய்தால் போதும். அந்தப் போனை அவன் செய்தே ஆக வேண்டும் என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"மதியம்னு நினைக்கறேன். ஏன்?"

"சும்மாதான்."

போனை வைத்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்னும் ஏழு வருட வேலை பாக்கி. என் வீட்டுக் கடன், என் பூனை, இந்த ஊரில் என் பெயர். சின்ன எழுத்தில் இருந்த அந்த வழக்கு. எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்தேன். பிறகு, நான் எதையும் சொல்லாமலே அவனுக்குத் தெரியவைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்ததும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன்.

கடிதம் இப்படிப் போனது:

"அன்புள்ள ஸ்டாஃபன், உன்னை வரவேற்பதில் எங்கள் எல்லாருக்கும் மகிழ்ச்சி. முப்பத்துமூன்றாம் வாரம், திங்கட்கிழமை, காலை 7.45 மணிக்குப் பிரதான வாயிலுக்கு வா. வடக்கு வாயிலுக்குப் போகாதே, அது மர லாரிகளுக்கு. பேருந்தில் வந்தால் 'ஆலை முனை' நிறுத்தத்தில் இறங்கி, தண்ணீர்த் தொட்டி தெரிகிற பக்கமாக நட. காரில் வந்தால் இரண்டாவது நிறுத்துமிடம். அடையாள அட்டை கொண்டு வா. இணையத்தில் பாதுகாப்புப் பயிற்சியை முன்கூட்டியே முடித்துவிடு, முடிக்காவிட்டால் வாயிலில் உன் அட்டை வேலை செய்யாது. நான் வாயிலில் காத்திருப்பேன். 8.00, புகைப்படம், நுழைவு அட்டை, காலணி. 8.30, உன் வழிகாட்டி லென்னார்ட்டோடு எந்திரக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தல். 10.00, உணவுக்கூடத்தில் எல்லாப் பணியாளர்களுக்குமான கூட்டம். சங்கப் பிரதிநிதிகள் இருப்பார்கள். தொழில்நல மருத்துவப் பிரிவின் தாதியும் அன்று முழுவதும் ஆலையில் இருப்பார். 11.30, மதியச் சாப்பாடு, எங்கள் செலவு, டப்பா கட்டிவராதே. 12.30, தீத்தடுப்பு விளக்கம். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இந்த வெள்ளிக்கிழமைக்குள் என்னைக் கூப்பிடு, அதற்குப் பிறகு நான் விடுமுறையில் இருப்பேன். அன்புடன், இல்வா."

பத்து மணிக்கான வரிகள்தான் நான் சேர்த்தது. வழக்கமான கடிதத்தில் அவை கிடையாது. எங்கள் கரையோரத்து ஆலை ஊர்களில் பிறந்த எவனுக்கும் அந்த வரிகளைப் படித்த மாத்திரத்தில் ரத்தம் உறைந்திருக்கும். எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு, சங்கத்தையும் கூப்பிட்டு, மயங்கி விழுகிறவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு தாதியையும் உட்காரவைக்கிறார்கள் என்றால் அது ஒரே ஒரு செய்தியைச் சொல்லத்தான்: வேலை போகிறது. என் அப்பாவுக்கு அப்படி ஒரு காலை வந்தது. பக்கத்து ஊர் அறுவை ஆலைக்கு வந்தது. எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அனுப்பிவிட்டு, இனி அவன் பாடு என்று நினைத்தேன். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றும் போட்டிருக்கிறேனே, மூளை உள்ளவன் பிடித்துக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை அவன் பதில் வந்தது.

"இவ்வளவு விவரமாக எனக்கு யாரும் எழுதியதில்லை, இல்வா. ஓசாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முதல் நாளே எல்லாப் பணியாளர்களையும் சந்திக்க முடிவது பெரிய விஷயம். எங்கள் தண்ணீர் நிலையத்தில் நாங்கள் ஆறே பேர். மருத்துவப் பரிசோதனையும் அன்றே இருப்பது நல்லதாகப் போயிற்று. ரத்தம் எடுப்பார்கள் என்றால் காலையில் சாப்பிடாமல் வர வேண்டுமா? உன் பதில் வரவில்லையென்றால் சாப்பிடாமலே வந்துவிடுகிறேன், அதுதான் பாதுகாப்பு. ஸ்டாஃபன்."

கீழே அவனுடைய சின்ன மகளின் படம். புதுப் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு, முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் நிலையத்தை எவன் மூடுவான்? மக்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினால்தான் உண்டு. பதினேழு வருடத்தில் அவன் அப்படி ஒரு காலையைப் பார்த்ததே இல்லை. எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் ஊர்க்காரர்களின் பயம் எல்லார் வீட்டிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

பதில் எழுத உட்கார்ந்தேன். "சாப்பிட்டுவிட்டு வா" என்று எழுதினேன், அழித்தேன். அப்படி எழுதினால் பிறகு ஏன் தாதி என்று கேட்பான். "அது பரிசோதனை அல்ல" என்று எழுதினேன். அதையும் அழித்தேன். உண்மையைச் சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன், பொய்யை எழுதினால் அது எழுத்தில் நிற்கும். எழுதாமல் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை என்னால் பொறுக்க முடியவில்லை. அலுவலகத் தொலைபேசி வேண்டாம் என்று, என் சொந்தத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய், சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் கூப்பிட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"இல்வா! என்ன, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? அந்தப் பாதுகாப்புப் பயிற்சியை நேத்தே முடிச்சுட்டேன். எல்லாக் கேள்வியும் சரி!"

"இல்ல, தப்பு ஒண்ணும் இல்ல."

பின்னால் அட்டைப்பெட்டிகளை இழுக்கிற சத்தம். ஒரு பெண் குரல், "யாரு, ஆலைக்காரியா? நான் கேட்டதாச் சொல்லு! அந்தக் கடிதத்தைக் குளிர்பெட்டி மேல ஒட்டி வெச்சிருக்கேன்னு சொல்லு!" என்று கத்தியது.

"ஓசா உன் ரசிகையாயிட்டா," என்றான். "சொல்லு, என்ன விஷயம்?"

அந்த நேரம் பார்த்து சங்கத்து ரோலண்ட் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தான். அவனும் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவன். என்னைப் பார்த்தான், என் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தான், தலையாட்டிவிட்டு மெதுவாகப் பூட்டைப் பூட்ட ஆரம்பித்தான்.

"கையுறை," என்றேன். "கையுறை அளவு கேக்க மறந்துட்டேன்."

"பத்து. இதுக்கா விடுமுறைக்கு முன்னாடி இவ்வளவு அலையற? உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா நாடு உருப்பட்டுடும்."

"சரி, பார்க்கலாம்," என்று வைத்துவிட்டேன். அப்புறம் சாப்பாட்டைப் பற்றி அவன் கேட்டது ஞாபகம் வந்தது. மறுபடி கூப்பிட்டிருக்கலாம். ரோலண்ட் போய் ஐந்து நிமிடம் ஆன பிறகும் நான் அங்கேயேதான் நின்றேன். கூப்பிடவில்லை. ரோலண்ட் மேல் பழியைப் போடலாம் என்று பல நாள் முயன்று பார்த்தேன், ஒட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வந்தது, போனது. மூன்று மணிக்கு என் அஞ்சலில் தானியங்கிப் பதிலைப் போட்டேன். "நான் முப்பத்துமூன்றாம் வாரம் வரை விடுமுறையில் இருக்கிறேன். இனிய கோடைக்கால வாழ்த்துகள்!" கடைசியில் ஆச்சரியக்குறியும் உண்டு. நான்கு வாரம் ஏரிக்கரையில் இருக்கிற என் கோடைக் குடிசையில் இருந்தேன். மழையே இல்லை, நல்ல வெயில். ஊரே அதைக் கொண்டாடியது. எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

முப்பத்துமூன்றாம் வாரம், திங்கட்கிழமை. ஏழரைக்கே அவன் பிரதான வாயிலில் நின்றான். தேய்த்த நீலச் சட்டை, புதிதாக வெட்டிய முடி, கையில் அடையாள அட்டை.

"பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன், மன்னிச்சுக்கோ," என்றான். "நீ எழுதியிருந்தபடியே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நடந்தேன். பிசகவே இல்ல."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலையைப் பார்த்தேன். புகைப்படம் எடுத்தேன், சிரித்தான். அட்டை அச்சாகி வந்தது. காலணி சரியாக இருந்தது. எட்டரைக்கு லென்னார்ட் வந்து அவன் முதுகில் தட்டி அழைத்துப்போனான். லென்னார்ட்டுக்கும் வேலை போகப்போகிறது, அவனுக்கும் தெரியாது. "வா தம்பி, நம்ம கிழவியைக் காட்டறேன், அறுபது வயசுல என்னமா ஓடறா பாரு," என்று எந்திரத்தைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டே போனான்.

பத்து மணிக்கு உணவுக்கூடம் நிறைந்தது. விடுமுறை வெயிலில் சிவந்த முகங்கள். கதவருகே சங்கப் பிரதிநிதிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததுமே பேச்சு அடங்கிவிட்டது. நான் நினைத்தது சரிதான், எங்கள் ஆட்களுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆலை மேலாளர் பேச ஆரம்பித்ததும் நான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். நீலச் சட்டை அங்கே இல்லை.

பேச்சு ஏழு நிமிடம். யாரும் கத்தவில்லை. லென்னார்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, நடைவழிக் கோடியில் தாதிக்குக் கொடுத்திருந்த சின்ன அறைக்கு ஓடினேன்.

ஸ்டாஃபன் அங்கே இருந்தான். நாற்காலியில் உட்கார்ந்து, இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கையை மேசைமேல் நீட்டி வைத்திருந்தான். எதிரில் தாதி கெர்ட்ரூட், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இல்வா," என்றாள் கெர்ட்ரூட். "இவன் ரத்தம் எடுக்கணும்னு வந்து உட்கார்ந்தான். கூட்டத்துக்கு முன்னாடி முடிச்சுக்கலாம்னு சொன்னான். எப்படி இருக்கன்னு நான் கேட்டேன். கொஞ்சம் பசிக்குது, மத்தபடி நல்லா இருக்கேன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. எந்திரத்தை நிறுத்தற விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமான்னு நான் கேட்டுட்டேன். அப்புறம் சொல்ல வேண்டியதாப் போச்சு."

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"உனக்கு இது எப்போ தெரியும்?"

பொய் சொல்லலாம். சொல்லத் தெம்பு இல்லை. "இருபத்தெட்டாம் வாரம். திங்கட்கிழமை."

"நான் உன்கிட்ட பேசினது செவ்வாய்க்கிழமை."

"ஆமா."

"வெள்ளிக்கிழமை வரைக்கும்னு சொன்னேனே."

"சொன்ன."

"இப்போ அங்கே வேற ஒருத்தன் இருக்கான். நானேதான் அவனுக்கு ரெண்டு வாரம் சொல்லிக் கொடுத்தேன்."

"வாயால சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க, ஸ்டாஃபன். அதனால கடிதத்துல எழுதினேன். அந்தப் பத்து மணி வரி. வழக்கமா அதுல அது கிடையாது. உனக்காகத்தான் சேர்த்தேன். நீ புரிஞ்சுக்குவன்னு..."

அவன் தொலைபேசியை எடுத்தான். கடிதத்தைத் திறந்து மெதுவாக மேலிருந்து கீழே படித்தான். உதடுகள் அசைந்தன. முடித்துவிட்டு இன்னொரு முறையும் படித்தான்.

"எந்த நிறுத்தத்துல இறங்கணும்னு எழுதியிருக்க," என்றான். "எந்த வாயிலுக்குப் போகக் கூடாதுன்னு எழுதியிருக்க. டப்பா கட்டிட்டு வராதே, சாப்பாடு உங்க செலவுன்னு எழுதியிருக்க. குழந்தைக்குச் சொல்ற மாதிரி எல்லாத்தையும் சொல்லியிருக்க. எனக்குன்னு நீ எழுதினதெல்லாம் நல்லாப் புரிஞ்சுது, இல்வா. இந்தப் பத்து மணி வரி மட்டும் நீ எனக்கு எழுதினது இல்ல. உனக்கு எழுதிக்கிட்டது."

கெர்ட்ரூட் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. என் மனசாட்சிக்கு ஒரு ரசீது வேண்டியிருந்தது, அதை அவன் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அவன் சட்டைக் கையை இறக்கிப் பித்தானைப் போட்டுக்கொண்டான்.

"ஓசா பத்தரைக்குக் கூப்பிடுவா. பரிசோதனை எப்படிப் போச்சுன்னு கேப்பா," என்றான். "அவளுக்கு எப்படிச் சொல்றதுன்னு எனக்கு வரல. நீ எழுது. நீ நல்லா எழுதுவ."

குத்திக் காட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. நிஜமாகவே தொலைபேசியை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தான், உதவி கேட்கிற மனிதன் நீட்டுகிற மாதிரி. மணி பத்து இருபது. நான் அதை வாங்கி, நின்றபடியே எழுதினேன். "ஓசா, நான் சேரவிருந்த எந்திரத்தை மூடப்போகிறார்கள். இன்று காலை அறிவித்தார்கள். எனக்கு இங்கே வேலை இருக்காது. வீட்டுக்கு வருகிறேன்."

மறைக்காமல் எழுதினால் அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.